பள்ளத்துக்குக் கீழே எஞ்சும் ரப்பர்: லாரி டயர்களில் ரீக்ரூவிங், அதன் அனுமதி, அதன் எல்லை

1. கேள்வி

லாரி டயர் ஓடி ஓடித் தேய்ந்து, அதன் ட்ரெட்டில் உள்ள பள்ளங்கள் சில மில்லிமீட்டர் ஆழத்துக்குக் குறைந்தபின், சூடேற்றிய கத்தியால் அதே பள்ளங்களை மறுபடி ஆழமாக வெட்டுவதுதான் ரீக்ரூவிங். ரீட்ரெடிங்கோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ரீட்ரெடிங்கில் பழைய ட்ரெட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிய ரப்பர் ஒட்டி வேகவைக்கிறார்கள். ரீக்ரூவிங்கில் ஒரு கிராம் ரப்பர்கூடச் சேர்வதில்லை. இருக்கும் ரப்பரில் ஒரு பகுதி வெளியேறுகிறது, அவ்வளவுதான்.

இதைப் பற்றி இரண்டு கருத்துகள் நிலவுகின்றன. மொட்டையாகிவிட்ட டயருக்குப் புது முகம் போட்டு ஏமாற்றும் வேலை இது என்பது ஒன்று. டயரைச் செய்தவர்களே திட்டமிட்டு வைத்த இரண்டாவது ஆயுள் இது, இதைப் பயன்படுத்தாமல் விடுவது வீண் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் ஆதாரம் உண்டு. கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும் வெட்டு, ஒரு டயரில் முறையான பராமரிப்பாகவும் அடுத்த டயரில் விபத்துக்கு வழியாகவும் இருக்க முடியும்.

அப்படியானால் பிரிக்கும் கோடு எங்கே இருக்கிறது? இக்கட்டுரை ஆராயும் கேள்வி இது ஒன்றுதான். சாலையில் டயரைச் சோதிப்பவர்கள் பெரும்பாலும் பள்ளத்தின் ஆழத்தை அளக்கிறார்கள். ரீக்ரூவிங் செய்த டயரின் பாதுகாப்போ பள்ளத்தின் அடிக்கும் அதன் கீழே இருக்கும் கம்பிக்கும் இடையில் எஞ்சியுள்ள ரப்பரின் தடிமனில் இருக்கிறது. அந்தத் தடிமனை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அனுமதி தரும் சட்டங்களையும், வெட்டும் முறையையும், பழுது உருவாகும் விதத்தையும் இந்த ஒரு தடிமனை வைத்தே புரிந்துகொள்ள முடியும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

2. வெட்டப்படும் இடம்

இன்றைய ரேடியல் லாரி டயரைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால், மேலிருந்து கீழாக மூன்று பகுதிகள் தெரியும். முதலில், சாலையைத் தொட்டுத் தேயும் ட்ரெட் ரப்பர். பள்ளங்கள் இதில்தான் அமைந்துள்ளன. அடுத்து, அந்தப் பள்ளங்களின் அடிமட்டத்துக்குக் கீழே தொடரும் ரப்பர் அடுக்கு. இதை அடிரப்பர் என்று அழைக்கலாம். அதற்கும் கீழே, டயரைச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும் ஸ்டீல் பெல்ட்கள். லாரி டயர்களில் பொதுவாக நான்கு பெல்ட்கள் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே உள்ள பெல்ட், கீழே இருப்பவற்றுக்குக் காவலாக, கல்லும் கூர்மையான பொருள்களும் முதலில் மோதும் இடமாக இருக்கிறது.

இந்தப் பெல்ட்களில் உள்ள எஃகுக் கம்பிகள் மிக மெல்லிய இழைகளை முறுக்கிச் செய்தவை. இழைகளின் மேல் பித்தளைப் பூச்சு இருக்கும். டயரை அச்சில் வேகவைக்கும்போது ரப்பரில் உள்ள கந்தகம் பித்தளையில் உள்ள செம்போடு வினைபுரிந்து, ரப்பரையும் கம்பியையும் ஒன்றாகப் பிணைக்கிறது. டயரின் வலிமை இந்தப் பிணைப்பில் அடங்கியுள்ளது. ஈரமும் காற்றும் உள்ளே போனால் முதலில் கெடுவதும் இதுவே. முறுக்கிய இழைகளுக்கு நடுவே நுண்ணிய இடைவெளிகள் இருப்பதால், ஓரிடத்தில் நுழைந்த நீர் கம்பியின் நீளவாக்கில் ஊர்ந்து செல்லக்கூடும். அதனால் வெட்டுப்பட்ட இடத்தில் மட்டும் துருப்பிடித்து நின்றுவிடுவதில்லை.

அடிரப்பர் ஏன் இருக்கிறது என்பதற்கு இதுவே விடை. பள்ளத்தில் சிக்கும் கல், உருளும் சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றிலும் பாரத்தால் அழுத்தப்பட்டு மெல்ல மெல்லக் கீழே துளைத்துச் செல்லும். அடிரப்பர் அந்தக் கல்லைக் கம்பியிலிருந்து தள்ளி வைக்கிறது. சில டயர்களில் இந்த அடுக்கு கூடுதல் தடிமனோடு வடிவமைக்கப்படுகிறது. அந்தக் கூடுதல் பகுதியில் ஒரு பங்கைப் பிற்பாடு பள்ளமாக மாற்றிக்கொள்ளலாம் என்பதே ரீக்ரூவிங்கின் அடிப்படை. கூடுதல் தடிமன் இல்லாத டயரில் இதே வெட்டு, காவலாக வைத்த ரப்பரையே எடுத்துவிடுகிறது.

ஆகவே, ஒரு டயரை ரீக்ரூவிங் செய்யலாமா என்பதைப் பட்டறை தீர்மானிக்க முடியாது. டயர் அச்சிலிருந்து வெளிவந்தபோதே அது தீர்மானமாகிவிட்டது. பக்கச்சுவரில் ஆங்கிலத்தில் ‘ரீக்ரூவபிள்’ என்று அச்சோடு வார்த்திருக்கும் சொல் இதைத்தான் அறிவிக்கிறது. கார் டயர்கள் இந்த நோக்கத்தோடு செய்யப்படுவதில்லை. இந்த வேலை லாரி, பஸ், ட்ரெய்லர் டயர்களோடு நின்றுவிடுவதற்குக் காரணம் இதுதான்.

3. கத்தியும் அளவும்

வெட்டும் கருவி எளிமையானது. மின்சாரத்தால் சூடாகும் வளைந்த கத்தி ஒன்று கைப்பிடியில் பொருத்தப்பட்டிருக்கும். கைப்பிடியின் தலை ட்ரெட்டின் மேற்பரப்பில் படிந்து நகர, கத்தி அதற்குக் கீழே குறிப்பிட்ட அளவு நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நீட்சிதான் வெட்டின் ஆழம். பள்ளத்தின் வழியே கருவியைத் தள்ளிச் சென்றால் ரப்பர் நீண்ட நாடாவாக உரிந்து வரும். கத்தி போதிய சூடின்றி இருந்தால் ரப்பர் அறுபடாமல் கிழியும். சூடு மிகுந்தால் ரப்பர் கருகிப் புகையும். இரண்டிலும் பள்ளத்தின் அடிப்பரப்பு சீராக அமையாது. சீரற்ற பரப்பில் வெடிப்பு தொடங்குவது எளிது. அடி வளைந்த கத்தியைப் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பதும் இதற்காகவே. கூரிய மூலையுள்ள பள்ளத்தில், டயர் மடங்கி நிமிரும் ஒவ்வொரு முறையும் அழுத்தம் அந்த மூலையில் குவியும். வளைந்த அடியில் அது பரவிவிடும்.

கத்தியைத் தொடுவதற்கு முன்பு செய்யவேண்டிய வேலை அதிகம். பள்ளங்களில் சிக்கிய கற்களை எடுத்துவிட வேண்டும். கம்பி வரை இறங்கிய வெட்டு, அடியில் ஓடும் வெடிப்பு, உப்பல், ஒரு பக்கம் மட்டும் கடுமையாகத் தேய்ந்த ட்ரெட் இவற்றில் எது இருந்தாலும் அந்த டயரை ஒதுக்கிவிட வேண்டும். பிறகு ஒவ்வொரு பள்ளத்தின் மீதி ஆழத்தையும் சுற்றளவில் பல இடங்களில் அளக்க வேண்டும். வெட்டும் நேரமும் முக்கியம். சுமார் 3 மில்லிமீட்டர் மீதமிருக்கும்போது வெட்டுவது நல்லது. பள்ளம் முற்றிலும் மறைந்துவிட்டால் வழிகாட்டக் கோடு இருக்காது. அப்போது கத்தி எங்கே போகிறது என்பது வெட்டுபவரின் கைப்பழக்கத்தைப் பொறுத்ததாகிவிடும்.

எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம், எந்தப் பள்ளத்தில் என்பதை டயர் தயாரிப்பாளர் ஒவ்வொரு மாதிரிக்கும் தனித்தனியாக அறிவிக்கிறார். சில டயர்களில் இதற்கெனச் சிறு துளைகளை ட்ரெட்டில் வார்த்திருப்பார்கள். அத்துளையின் அடியே கத்தி இறங்கக்கூடிய கடைசி எல்லை. துளை இல்லாத டயரில் தயாரிப்பாளரின் அட்டவணையைத் தவிர வேறு வழிகாட்டி கிடையாது.

4. ஒரு டயரின் கணக்கு

கோட்பாட்டை ஒரு டயரில் பொருத்திப் பார்ப்போம். பின்வரும் எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. ஒவ்வொரு மாதிரிக்கும் இவை மாறும்.

295/80 ஆர் 22.5 அளவுள்ள, ரீக்ரூவபிள் குறியிட்ட ஒரு டயரை எடுத்துக்கொள்வோம். புதிதாக இருந்தபோது பள்ளத்தின் ஆழம் 15 மி.மீ. பழைய பள்ளத்தின் அடியிலிருந்து மேல் பெல்ட் வரை 5.5 மி.மீ. அடிரப்பர் இருக்கிறது. அதில் 3 மி.மீ. வரை வெட்டலாம் என்று தயாரிப்பாளர் அனுமதிக்கிறார். டயர் தேய்ந்து வந்தபின் அளந்தால், நடுப் பள்ளம் ஒன்றில் 3 மி.மீ. மீதமிருக்கிறது, ஓரப் பள்ளத்தில் 4.5 மி.மீ. இருக்கிறது.

கத்தியின் நீட்சி ட்ரெட்டின் மேற்பரப்பிலிருந்து கணக்கிடப்படுகிறது. ஆகவே மீதி ஆழத்தோடு அனுமதித்த ஆழத்தைக் கூட்டினால் கத்தியின் அளவு கிடைக்கும். எந்த மீதி ஆழத்தை எடுத்துக்கொள்வது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மிகக் குறைந்ததை, அதாவது 3 மி.மீ.யை எடுத்தால் கத்தியின் நீட்சி 6 மி.மீ. நடுப் பள்ளத்தில் அது பழைய அடியிலிருந்து 3 மி.மீ. இறங்கும், கம்பிக்கு மேல் 2.5 மி.மீ. ரப்பர் எஞ்சும். ஓரப் பள்ளத்தில் 1.5 மி.மீ. மட்டும் இறங்கும், அங்கே 4 மி.மீ. எஞ்சும். டயர் முழுவதும் பத்திரமாக இருக்கிறது.

வெட்டுபவர் ஓரப் பள்ளத்தை மட்டும் அளந்து, 4.5 மி.மீ.யோடு 3 மி.மீ. கூட்டிக் கத்தியை 7.5 மி.மீ.க்கு வைத்துவிட்டார் என்று கொள்வோம். ஓரத்தில் எல்லாம் சரியாகவே நடக்கும். அதே கத்தி நடுப் பள்ளத்துக்கு வந்ததும் பழைய அடியிலிருந்து 4.5 மி.மீ. இறங்கிவிடும். கம்பிக்கு மேல் 1 மி.மீ. ரப்பர்தான் எஞ்சும். கம்பி வெளியே தெரியாது. பள்ளம் அழகாகவும் ஆழமாகவும் இருக்கும். ஆழமானியை வைத்தால் 7.5 மி.மீ. என்று காட்டும்; சரியாக வெட்டிய டயரோ 6 மி.மீ. காட்டும். ஆழத்தை மட்டும் அளக்கும் சோதனையில் ஆபத்தான டயர் நல்ல டயரைவிட அதிக மதிப்பெண் பெறும்.

இந்தக் கணக்கிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. தேய்மானக் குறிக்கட்டைகள் பழைய பள்ளத்தின் அடியிலிருந்து 1.6 மி.மீ. உயரத்தில் வார்க்கப்பட்டவை. வெட்டியபின் பள்ளத்தின் அடியே கீழே போய்விட்டதால், அந்தக் கட்டைகள் கத்தியில் போகாமல் தப்பியிருந்தாலும் அவற்றை வைத்து இனி எதையும் அறிய முடியாது. ரீக்ரூவிங் செய்த டயரை ஆழமானி வைத்தே கண்காணிக்க வேண்டும்.

5. சட்டங்கள் எதை அளக்கின்றன

இந்தத் துறையில் மிகவும் விரிவாக எழுதப்பட்ட விதிகள் அமெரிக்காவினுடையவை. அங்கே 1966ஆம் ஆண்டின் தேசியப் போக்குவரத்து, மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டம் ரீக்ரூவிங் செய்த டயர்களை விற்பதைப் பொதுவாகத் தடைசெய்தது. பாதுகாப்பான முறை என்று கண்டால் விதிவிலக்கு அளிக்கும் அதிகாரத்தை அரசிடம் விட்டுவைத்தது. அந்த அதிகாரத்தின்கீழ் வந்ததுதான் கூட்டாட்சி விதித்தொகுப்பின் 49ஆம் தலைப்பில் உள்ள 569ஆம் பகுதி.

அந்தப் பகுதியின் நிபந்தனைகளை வரிசையாகப் படித்தால் அவற்றின் பின்னால் உள்ள பொறியியல் சிந்தனை விளங்கும். முதலாவதாக, டயர் இதற்கெனப் போதிய ரப்பரோடு வடிவமைக்கப்பட்டதாக இருக்க வேண்டும். பக்கச்சுவர்களில் அந்தச் சொல் வார்க்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டாவதாக, வெட்டியபின் பள்ளங்களுக்கு அடியில் கம்பி அல்லது நூலிழை அடுக்கின்மேல் குறைந்தது ஓர் அங்குலத்தில் 32இல் 3 பங்கு, அதாவது சுமார் 2.4 மி.மீ., ரப்பர் எஞ்ச வேண்டும். மேலே கண்ட கணக்கில் 2.5 மி.மீ. எஞ்சிய வெட்டு இந்த விதியை மயிரிழையில் நிறைவேற்றுகிறது, 1 மி.மீ. எஞ்சியது தோற்றுவிடுகிறது. ஐரோப்பியத் தயாரிப்பாளர்களின் வழிகாட்டுதல்களில் 2 மி.மீ. என்ற எல்லையைக் காணலாம். எண் சற்று மாறினாலும் இரண்டும் அளப்பது ஒரே அடுக்கைத்தான்.

மூன்றாவது நிபந்தனை அதிகம் பேசப்படாதது, ஆனால் ஊன்றிப் படிக்கத் தக்கது. சுற்றளவில் ஓர் அடி நீளத்துக்கு, பள்ளங்களின் விளிம்புகள் எல்லாம் சேர்ந்து குறைந்தது 90 அங்குலம் வரவேண்டும் என்கிறது அது. நேர்க்கோடாக ஓடும் ஒரு பள்ளத்துக்கு இரண்டு விளிம்புகள் உண்டு. ஆகவே ஓர் அடிக்கு 24 அங்குலம் கிடைக்கும். 90 அங்குலம் வர ஏறக்குறைய நான்கு நேர்ப் பள்ளங்கள் தேவை. பெயருக்கு ஒன்றிரண்டு கோடு இழுத்துவிட்டுப் புதுப்பித்த டயர் என்று சொல்லிவிடுவதை இந்த ஒரு வரி தடுத்துவிடுகிறது. புதிய பள்ளத்தின் அகலத்துக்கும் 16இல் 3 அங்குலம் முதல் 16இல் 5 அங்குலம் வரை, அதாவது சுமார் 5 முதல் 8 மி.மீ. வரை, எல்லை உண்டு. நீர் தடையின்றி வெளியேற வழி இருக்க வேண்டும். இழையடுக்கு வரை போன வெடிப்போ, பிரிதலோ இருக்கக் கூடாது.

இவை டயரைப் பற்றிய விதிகள். டயரை எங்கே மாட்டலாம் என்பதை அதே தலைப்பின் 393.75ஆம் பிரிவு சொல்கிறது. பஸ்ஸின் முன் சக்கரங்களில் ரீக்ரூவிங் செய்த டயர் கூடாது. லாரியின் முன் சக்கரங்களில், 2,232 கிலோவோ அதற்கு மேலோ சுமக்கும் திறனுள்ள ரீக்ரூவிங் டயர் கூடாது. நெடுஞ்சாலை லாரிகளின் வழக்கமான டயர் ஒன்று தனிச் சக்கரமாக ஓடும்போது 2,800 கிலோ அளவுக்குச் சுமக்கக்கூடியது. ஆகவே நடைமுறையில் பெரிய லாரிகளின் முன் அச்சுக்கு இது தடைதான். பின் அச்சில் இரட்டைச் சக்கரம் இருக்கும் இடத்தில் ஒன்று போனாலும் மற்றொன்று சிறிது நேரம் தாங்கும். முன்னால் டயர் வெடித்தால் ஸ்டீயரிங்கே கைவிட்டுப் போகும். விளைவின் கடுமையை வைத்து வரைந்த எல்லை இது என்று கொள்ளலாம்.

பிரிட்டனின் 1986ஆம் ஆண்டுக் கட்டுமான, பயன்பாட்டு விதிகள் வேறு வழியில் அதே இடத்துக்கு வருகின்றன. மறுபடி வெட்டும்போது இழையடுக்கு அறுபட்டாலோ வெளியே தெரிந்தாலோ அந்த டயரை மாட்டக் கூடாது. தயாரிப்பாளர் வகுத்த மறுவெட்டு வடிவத்தைத் தவிர வேறு வடிவத்தில் வெட்டியிருந்தாலும் மாட்டக் கூடாது. வணிக வாகன டயர்களுக்கான ஐ.நா. ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 54ஆம் ஒழுங்குவிதி, ‘ரீக்ரூவபிள்’ என்ற சொல்லையோ அதற்கான குறியீட்டையோ பக்கச்சுவர்களில் பொறிக்கச் சொல்கிறது.

இந்தியாவில் மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 94ஆம் விதி டயரின் நிலையைப் பற்றிப் பேசுகிறது. தேய்மானத்தாலோ வெட்டாலோ உள்ளிழை வெளியே தெரிந்தால், உப்பல் அல்லது உருக்குலைவு கண்டால், டயர் தகுதியற்றது. இரு சக்கர, மூன்று சக்கர வாகனங்கள் நீங்கலான மற்றவற்றுக்குப் பள்ளத்தின் ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது. தேய்ந்த டயரைப் பிடிக்க இந்த அளவுகோல் போதும். ஆனால் சாலையோரத்தில் ஆழமானி வைத்து இதைச் சரிபார்க்கும் ஒருவரால், குறியில்லாத டயரை அடிமட்டம் வரை வெட்டி 4 மி.மீ. பள்ளம் உண்டாக்கியிருப்பதைக் கண்டுபிடிக்க முடியாது. கம்பியோ நைலான் இழையோ வெளியே தெரியும் வரை அந்த டயர் சோதனையில் தேறிக்கொண்டே இருக்கும். அமெரிக்க விதியின் சிறப்பு இங்கே தெளிவாகிறது: அது பள்ளத்தின் ஆழத்தோடு நிற்காமல், பள்ளத்துக்குக் கீழே எஞ்சுவதையும் எண்ணாக எழுதிவைத்திருக்கிறது.

6. ஆதாயத்தின் எடை

ரீக்ரூவிங்கை ஆதரிப்பவர்கள் மூன்று ஆதாயங்களைச் சொல்கிறார்கள்: கூடுதல் ஓட்டம், டீசல் மிச்சம், ஈரச் சாலையில் பிடிப்பு. இவற்றை முன்வைப்போரில் டயர் நிறுவனங்கள் முதன்மையானவை என்பதால் தனித்தனியாக எடைபோட வேண்டும்.

ஓட்டம் 25 சதவீதம் வரை கூடும் என்பது தயாரிப்பாளர் வட்டாரத்தில் வழங்கும் கணிப்பு. நம் டயரில் இதைச் சோதிக்கலாம். 15 மி.மீ.யிலிருந்து 3 மி.மீ. வரை தேய்ந்தது 12 மி.மீ.; வெட்டினால் கிடைக்கும் கூடுதல் 3 மி.மீ. கணக்குச் சரியாக 25 சதவீதம் வருகிறது. ஆனால் வெட்டாமல் விட்டாலும் அந்த டயர் 1.6 மி.மீ. வரை சட்டப்படி ஓடியிருக்கும். அந்த 13.4 மி.மீ.யோடு ஒப்பிட்டால் கூடுதல் 22 சதவீதம்தான். தயாரிப்பாளரின் எண் பொய்யல்ல. எதோடு ஒப்பிடுகிறோம் என்பதில் சற்றுத் தாராளமாக இருக்கிறது.

டீசல் மிச்சத்துக்கு இயற்பியல் அடிப்படை உண்டு. டயர் உருளும்போது ரப்பர் நசுங்கி மீள்கிறது. அதில் ஆற்றலின் ஒரு பங்கு வெப்பமாக வீணாகிறது. ட்ரெட் தேய்ந்து மெலிந்த டயரில் நசுங்கும் ரப்பர் குறைவு. ஆகவே உருளும் எதிர்ப்பும் குறைவு. ஒரு லாரி டயர் மிகக் குறைந்த எரிபொருளில் ஓடும் காலம் அதன் கடைசிக் காலம்தான். ரீக்ரூவிங் அந்தக் காலத்தை நீட்டுகிறது. இந்த வாதத்தை நம்புவதில் தடை ஏதும் இல்லை.

ஈரச் சாலையைப் பற்றிய ஆதாயம் இன்னும் நுட்பமானது. லாரி டயரில் காற்றழுத்தம் அதிகம் என்பதால் அது நீரின்மேல் மிதக்கும் ஆபத்து குறைவு என்ற எண்ணம் நெடுங்காலம் இருந்தது. நீரில் டயர் மிதக்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைச் சார்ந்தது என்ற, நாசாவில் 1963இல் வெளிவந்த ஆய்வு அதற்கு அடிப்படை. அந்த ஆய்வைச் செய்தவர்களில் ஒருவரான வால்டர் ஹோர்ன் 1984இல் திருத்தம் ஒன்றை முன்வைத்தார். வெற்று லாரியின் டயர் சாலையைத் தொடும் பரப்பு நீளம் குறைந்து அகலமாக இருப்பதால், சாதாரண நெடுஞ்சாலை வேகத்திலேயே அது மிதக்கக்கூடும் என்பது அவருடைய கண்டறிதல். சரக்கை இறக்கிவிட்டு மழையில் திரும்பும் லாரிக்கு 3 மி.மீ. பள்ளத்துக்கும் 6 மி.மீ. பள்ளத்துக்கும் உள்ள வேறுபாடு உண்மையானது. முறையாகச் செய்த ரீக்ரூவிங் பாதுகாப்பைக் குறைப்பதில்லை, சில நிலைகளில் கூட்டுகிறது என்று இதை வைத்துச் சொல்லலாம்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் கேசிங்கைப் பற்றியது. ரீட்ரெடிங்கில் விலைமதிப்புள்ள பொருள் பழைய டயரின் உடல்தான். ரீக்ரூவிங் செய்து ஓட்டும் கூடுதல் தூரத்தில் கல் துளைத்து மேல் பெல்ட் துருப்பிடித்தால், அந்த உடலை ரீட்ரெடிங் பட்டறை திருப்பி அனுப்பிவிடும், 3 மி.மீ. ஓட்டத்துக்காக ஒரு முழு ட்ரெட்டை இழக்க நேரும். அமெரிக்க நிறுவனங்கள் பல, ட்ரெட் கொஞ்சம் மீதமிருக்கும்போதே டயரைக் கழற்றி நேரே ரீட்ரெடிங்குக்கு அனுப்புவது இந்தக் கணக்கினால்தான். ஐரோப்பாவிலோ புதிது, வெட்டு, ரீட்ரெட், மறுபடி வெட்டு என்று நான்கு ஆயுளாகப் பயன்படுத்தும் வழக்கம் வேரூன்றியிருக்கிறது. எது சரி என்பது சாலையைப் பொறுத்தது. கல் குவாரிக்கும் கட்டட வேலைத் தளத்துக்கும் போகும் டிப்பருக்கு எதிர்த்தரப்பின் கணக்கே பொருந்தும்; நல்ல நெடுஞ்சாலையில் ஓடும் லாரிக்கு ஆதரவாளர்களின் கணக்கு பொருந்தும்.

7. ஆபத்து உருவாகும் விதம்

அளவுக்கு மீறி வெட்டிய டயர் பெரும்பாலும் உடனே வெடிப்பதில்லை. இதுவே அதைப் பற்றிய தவறான நம்பிக்கைக்கு இடமளிக்கிறது. 1 மி.மீ. ரப்பரோடு சாலைக்கு வந்த டயர் பல நாள் ஒழுங்காக ஓடும். பிறகு ஒரு பள்ளத்தில் கல் சிக்குகிறது. புதிய டயரில் பள்ளத்தின் அடியில் கல்லை வெளியே தள்ளுவதற்கென்று சிறு மேடுகள் வார்க்கப்பட்டிருக்கும். ரீக்ரூவிங்கில் அவையும் வெட்டுப்பட்டுப் போயிருக்கும். கல் தங்கிவிடுகிறது, மெல்லிய ரப்பரைத் துளைத்துக் கம்பியைத் தொடுகிறது. கல் விழுந்துவிட்டாலும் துளை இருக்கிறது. மழைநீர் அதன் வழியே இறங்குகிறது. கம்பி துருப்பிடிக்க, ரப்பரோடு அதற்கிருந்த பிணைப்பு விடுகிறது. விடுபட்ட இடத்தில் அடுக்குகள் ஒன்றோடொன்று உரசிச் சூடேறுகின்றன. அந்தச் சூடு பிரிதலை இன்னும் பரப்புகிறது. இறுதியில் பாரத்தோடு வேகமாக ஓடும் ஒரு நாளில் பெல்ட்டும் ட்ரெட்டும் சேர்ந்து பிய்ந்து போகின்றன. அப்போது, வெட்டியவர் யார் என்பதுகூட எவருக்கும் நினைவிருக்காது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. நெடுஞ்சாலையோரம் கிடக்கும் ரப்பர்த் துண்டுகளை எல்லாம் ரீட்ரெடிங், ரீக்ரூவிங் போன்ற மறுபயன்பாட்டின் குற்றமாகப் பார்ப்பது எளிது. அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்துக்காக மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் போக்குவரத்து ஆய்வு நிலையம் லாரி டயர்த் துண்டுகளைச் சேகரித்து ஆராய்ந்தது. 2008இல் அறிக்கை வெளிவந்தது. சாலையில் கிடந்த பொருள்கள் குத்தியதும், பராமரிப்பு, இயக்கக் குறைபாடுகளும் முக்கியக் காரணங்கள் என்று கண்டது அந்த ஆய்வு. ரீட்ரெட் டயர்கள் மட்டுமே குற்றவாளி என்ற எண்ணத்தை அது ஆதரிக்கவில்லை. அது ரீக்ரூவிங்கை அளந்த ஆய்வு அல்ல. ஆனால் காற்றழுத்தக் குறைவும் அதிகப் பாரமும் எந்த டயரையும் பிரித்துவிடும் என்பதையும், மெலிந்த அடிரப்பர் அந்த ஆபத்தோடு கூடுதலாகச் சேர்வது என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

தவறான வெட்டைக் கண்டறிய வழிகள் உண்டு. முதலில் பக்கச்சுவரைப் பார்க்க வேண்டும். அங்கே குறி இல்லாமல், பள்ளத்தில் கத்தி போன தடம் இருந்தால் வேறெதையும் அளக்கவே தேவையில்லை. அச்சில் வார்த்த பள்ளத்தின் அடி சீராக இருக்கும். அதில் தேய்மானக் கட்டைகளும் கல் தள்ளும் மேடுகளும் இருக்கும். கத்தி போன அடியில் அவை அறுபட்டிருக்கும். நீளவாக்கில் கத்தியின் கோடுகள் தெரியும். அகலம் இடத்துக்கு இடம் மாறினாலோ, கோடு வளைந்து வளைந்து போனாலோ, கை நடுங்கியிருக்கிறது என்று பொருள். ஆழமும் அப்படியே மாறியிருக்கும். பள்ளத்தை விரித்துப் பார்க்கும்போது பித்தளை நிறமோ துருவின் செம்பழுப்போ பளிச்சிட்டால், அந்த டயர் அப்படியே சாலையில் ஓடக் கூடாது. ஓட்டத்தில் புதிதாக அதிர்வு தோன்றினாலோ, ட்ரெட்டின் ஓரிடம் மட்டும் வேகமாகத் தேய்ந்தாலோ, கையால் தடவும்போது மேடு தட்டுப்பட்டாலோ, உள்ளே பிரிதல் தொடங்கிவிட்டதாகக் கொள்ள வேண்டும்.

8. முடிவாக

ரீக்ரூவிங்கை ஏமாற்று வேலை என்று ஒதுக்குபவர்கள், அதற்கென்று ரப்பர் வைத்துச் செய்த டயர்கள் உண்டு என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை. அதைச் சிக்கனம் என்று பொதுவாகப் பரிந்துரைப்பவர்கள், அந்த ரப்பர் எல்லா டயரிலும் இல்லை என்பதையும், இருக்கும் டயரிலும் மிகத் தேய்ந்த இடத்தை வைத்தே அளக்க வேண்டும் என்பதையும் அழுத்திச் சொல்வதில்லை. குறியுள்ள டயர், தயாரிப்பாளரின் அளவு, மிகக் குறைந்த மீதி ஆழத்திலிருந்து தொடங்கும் கணக்கு, முன் அச்சைத் தவிர்த்தல் ஆகிய நான்கும் சேர்ந்தால் இது பொறியியல். ஒன்று குறைந்தாலும் எஞ்சிய ரப்பரின் தடிமனைப் பற்றிச் சொல்ல நம்மிடம் ஒன்றும் இருக்காது.

விதிகளைப் பொறுத்தவரை இதிலிருந்து பெறும் பாடம் நடைமுறை சார்ந்தது. பள்ளத்தின் ஆழத்தை மட்டும் கேட்கும் சோதனை, ஆழமாக வெட்டியவருக்குச் சாதகமாக முடிகிறது. இந்தியச் சாலைகளில் அதை மாற்றப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. ஆழமானியை வைப்பதற்கு முன் பக்கச்சுவரின் குறியையும், பள்ளத்தின் அடியில் கத்தித் தடத்தையும் பார்க்கச் சோதனையாளரைப் பணித்தால் போதும். குறியில்லாத டயரில் வெட்டு இருந்தால் அது தகுதியற்றது என்று விதியில் ஒரு வரி எழுதினால், வெட்டுபவர்களும் வாங்குபவர்களும் எந்த டயரைத் தொடலாம் என்பதைப் பட்டறையிலேயே கேட்கத் தொடங்குவார்கள்.